வெங்காய வேர் நுனியில் மைட்டாடிக் இண்டெக்ஸ்: எத்தனை ஃபீல்டு எண்ணினால் போதும்?

பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போது "மைட்டாடிக் இண்டெக்ஸ் = 11.765%" என்று எழுதியிருந்தால் எனக்கு உடனே புரிந்துவிடும், அந்தப் பிள்ளை 17 செல்களைப் பார்த்து அதில் 2 பிரிந்துகொண்டிருந்ததாக எண்ணியிருக்கிறது. மூன்று தசம இடம் கால்குலேட்டர் கொடுத்தது. கணக்கில் தப்பே இல்லை. பிரியும் செல்களை மொத்தச் செல்களால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் மைட்டாடிக் இண்டெக்ஸ், அதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் சிலைடை அடுத்த ஃபீல்டுக்கு, அதாவது மைக்ராஸ்கோப்பில் ஒரே பார்வையில் தெரியும் அடுத்த வட்டத்துக்கு நகர்த்தியிருந்தால் அதே வேரில் 4 சதவீதமும் வந்திருக்கும், 15-ம் வந்திருக்கும்.

"அப்போ எத்தனை ஃபீல்டு சார் எண்ணணும்?" என்பது அடுத்த கேள்வி. வழக்கமாக "பத்து எண்ணுப்பா" என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். இந்தத் தடவை அந்தப் பத்து எங்கிருந்து வருகிறது, அது போதுமா என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். செய்த விதத்தையும் வந்த எண்களையும் கீழே எழுதியிருக்கிறேன். முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபீல்டு எண்ணிக்கையைப் பற்றி நாம் கவலைப்படும் அளவுக்கு வேர் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, உண்மையில் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

எடுத்துக்கொண்டது சின்ன வெங்காயம். பெரிய வெங்காயத்தைப் போலவே இதற்கும் 16 குரோமோசோம்தான், வேர் கொஞ்சம் மெலிசாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நிறைய வெங்காயம் வேண்டியிருந்ததால் இதுதான் வசதி, டெஸ்ட் ட்யூப் வாயிலேயே ஒவ்வொன்றாக உட்கார வைத்துவிடலாம். அடியில் இருக்கும் காய்ந்த பழைய வேர்களைப் பிளேடால் மேலோட்டமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அழுத்தி வெட்டினால் புது வேர் கிளம்பும் வளையமும் சேர்ந்து போய்விடும், அப்புறம் எத்தனை நாள் வைத்திருந்தாலும் ஒன்றும் வராது. தண்ணீர் அடித்தட்டைத் தொட்டால் போதும், வெங்காயம் மூழ்கக் கூடாது, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு அழுகி நாறிவிடும். புதிதாக அறுவடையான வெங்காயம் உறக்கத்தில் இருக்கும், வேர் விட அடம் பிடிக்கும். கொஞ்சம் பழசாகி, முளை எட்டிப் பார்க்கிற மாதிரி இருப்பதுதான் இதற்கு நல்லது.

வேர்கள் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்ததும் எல்லா வெங்காயத்திலிருந்தும் ஒரே காலையில், ஒரே வேளையில் வெட்டி, மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் அப்போதுதான் கலந்த கலவையில் போட்டேன். இந்த "ஒரே வேளை" முக்கியம். ஒரு வெங்காயத்தைக் காலையிலும் இன்னொன்றைச் சாயந்திரமும் வெட்டினால், பிறகு வரும் வித்தியாசம் வெங்காயத்தால் வந்ததா நேரத்தாலும் வெப்பத்தாலும் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரு நாள் ஃபிக்ஸ் ஆனதும் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், எண்ணும் வேலையை அவசரமில்லாமல் செய்யலாம்.

சாயமேற்றுவதற்கு முன் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி வாட்டர் பாத்தில், எட்டு நிமிடம் வைத்தேன். செல்களை ஒட்ட வைத்திருக்கும் பசை இளக வேண்டும், அதற்குத்தான் இந்தப் படி. எண்ணுவதற்கு இதுதான் உயிர். நேரம் போதாவிட்டால் நசுக்கும்போது செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் இரண்டு மூன்று அடுக்காகத் தகடு தகடாக நிற்கும், ஒரு உட்கருவுக்குப் பின்னால் இன்னொன்று நிழலாகத் தெரியும், அந்த ஃபீல்டில் மொத்தம் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. நேரம் கூடிவிட்டால் ஊசி பட்டவுடன் நுனி கரைந்துபோகும், சாயம் வெளிறி உட்கருவின் ஓரம் மங்கலாகத் தெரியும். உங்கள் வேரின் தடிமனைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் சரியான நேரம் இருக்கும், முதலில் இரண்டு வேரை வீணாக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

அசிட்டோகார்மைனில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால், நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு மட்டும் கருஞ்சிவப்பாகவும் அதற்கு மேலே வெளிறியும் இருக்கும். அந்தக் கருத்த பகுதிதான் பிரியும் பகுதி. செல் சிறிதாகவும் உட்கரு பெரிதாகவும் இருப்பதால்தான் அது அப்படித் தெரிகிறது. அதை மட்டும் வெட்டி, 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஒரு சொட்டில் வைத்து, கவர் ஸ்லிப் போட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகத் தட்டிப் பரப்பி, பிறகு பிளாட்டிங் பேப்பரை மடித்து வைத்துக் கட்டைவிரலால் நேராக ஒரே அழுத்து. கவர் ஸ்லிப் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டு கயிறாகிவிடும். ஓரத்தில் நகப்பூச்சு அடைத்தால் அன்றைக்கு முழுக்கத் தாங்கும்.

மேலே இருக்கும் நீண்ட செல்களையும் சேர்த்து வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிவதை நிறுத்திவிட்டு நீள மட்டும் செய்கிற செல்கள் வகுக்கும் எண்ணில் வந்து சேரும், இண்டெக்ஸ் இறங்கும். ஒருவர் ஒரு மில்லிமீட்டர் வெட்டுகிறார், இன்னொருவர் மூன்று வெட்டுகிறார் என்றால் இருவரும் ஒரே வேரை எண்ணினாலும் வேறு வேறு விடைதான் வரும். அதனால் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் செல்கள் பாதிக்கு மேல் நிறைந்த ஃபீல்டை எண்ணுவதில்லை என்று ஒரு விதியை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டேன்.

ஃபீல்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கை நம்மை ஏமாற்றும். 40 எக்ஸ் லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டே ஸ்டேஜை நகர்த்தினால், அழகான ஒரு மெட்டாஃபேஸ் கண்ணில் பட்ட இடத்தில் கை தானாக நிற்கும். அப்படி நின்ற இடங்களில் எல்லாம் ஒரு பிரியும் செல் உறுதியாக இருக்கும், இண்டெக்ஸ் ஏறும், நாமும் சந்தோஷப்படுவோம். இதைத் தடுக்க ஒரே வழி, கண்ணை எடுத்துவிட்டு நகர்த்துவது. 10 எக்ஸில் செல்கள் பரவியிருக்கும் பகுதியின் இடது மேல் மூலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மெக்கானிக்கல் ஸ்டேஜின் அளவுகோலைப் பார்த்து ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராக வலப்பக்கம், வரிசை முடிந்ததும் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கி இடப்பக்கம், இப்படி ஏர் உழுகிற தடத்தில் போனேன். நின்ற இடத்தில் பார்க்கும்போது முதலில் ஃபீல்டு தகுதியானதா என்று மட்டும் முடிவு செய்ய வேண்டும்: இருபது செல்லாவது இருக்கிறதா, கால் பங்குக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா, நீண்ட செல்கள் நிறைந்திருக்கிறதா. பிரிவு இருக்கிறதா இல்லையா என்பது இந்த முடிவில் வரவே கூடாது. ஒரு பிரிவு கூட இல்லாத ஃபீல்டும் ஃபீல்டுதான், சுழியம் என்று எழுத வேண்டும்.

விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும் செல்களுக்கும் ஒரு விதி வேண்டும். வட்டத்தின் இடப்பாதி விளிம்பு உட்கருவை வெட்டினால் எண்ணு, வலப்பாதி வெட்டினால் விடு. இப்படி வைத்துக்கொண்டால் கூடுதலும் குறைவும் சமமாகிவிடும்.

உங்கள் மைக்ராஸ்கோப்பின் ஃபீல்டு எவ்வளவு பெரியது என்பதையும் ஒரு தடவை கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். கண்ணருகு லென்ஸில் ஃபீல்டு எண் 18 என்று போட்டிருந்தால், 40 எக்ஸில் விட்டம் 18-ஐ 40-ஆல் வகுத்து 0.45 மில்லிமீட்டர். பக்கத்து மேசையில் ஃபீல்டு எண் 20 உள்ள மைக்ராஸ்கோப் இருந்தால் அதில் 0.5. பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல். அதனால் "10 ஃபீல்டு எண்ணினேன்" என்பது தனியாக எந்தத் தகவலும் தராது, அதில் எத்தனை செல் என்றும் சொன்னால்தான் அர்த்தம்.

சரி, எண்ணத் தொடங்கலாம். பிரிவு புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நான்கு கட்டமாக நடக்கும், பிரியாமல் இருக்கும் நிலை இன்டர்ஃபேஸ். மெட்டாஃபேஸிலும் அனாஃபேஸிலும் சண்டையே கிடையாது. சண்டை முழுக்க புரோஃபேஸில்தான். இன்டர்ஃபேஸ் உட்கரு எங்கே முடிகிறது, ஆரம்ப புரோஃபேஸ் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இயற்கையில் கோடு எதுவும் கிடையாது, நாம்தான் போட வேண்டும். நான் வைத்த கோடு: ஃபைன் ஃபோகஸைத் திருப்பும்போது உட்கருவுக்குள் ஒரு குரோமோசோம் நூலையாவது கொஞ்ச தூரம் கண்ணால் பின்தொடர முடிந்தால் புரோஃபேஸ், வெறும் பொரிபொரியாக, திட்டுத்திட்டாகத் தெரிந்தால் இன்டர்ஃபேஸ். டீலோஃபேஸில் இன்னொரு குழப்பம், இரண்டு உட்கரு தெரிவதால் சிலர் இரண்டு செல் என்று எண்ணுவார்கள். நடுச்சுவர் முழுமையாகி இரண்டு உட்கருவும் உருண்டையாகும் வரை அது ஒரே செல், பிரியும் செல் பட்டியலில் ஒன்று, மொத்தத்திலும் ஒன்று.

செல்போனில் படமெடுத்து வீட்டில் உட்கார்ந்து எண்ணலாமே என்று தோன்றும். ImageJ மென்பொருளில் இருக்கும் Cell Counter இதற்கு வசதிதான், எண்ணிய செல்லின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே போகலாம், இரண்டு தடவை எண்ணும் பயம் இல்லை. ஆனால் படத்தில் ஒரே ஒரு ஃபோகஸ்தான் இருக்கும். நூல் தெரிகிறதா இல்லையா என்று ஃபோகஸைத் திருப்பிப் பார்க்க முடியாததால் ஆரம்ப புரோஃபேஸ் பாதி காணாமல் போய்விடும். அதனால் எண்ணியது மைக்ராஸ்கோப்பில்தான், படம் சந்தேகம் தீர்க்க மட்டும்.

முதல் வேரின் பத்து ஃபீல்டு இப்படி வந்தது, ஒவ்வொன்றிலும் மொத்தச் செல்லும் அதில் பிரியும் செல்லும்: 62-ல் 9, 71-ல் 6, 48-ல் 2, 80-ல் 8, 55-ல் 7, 67-ல் 4, 59-ல் 6, 74-ல் 5, 52-ல் 6, 66-ல் 4. தனித்தனியாகச் சதவீதம் போட்டால் மூன்றாவது ஃபீல்டில் 4.2, முதல் ஃபீல்டில் 14.5. ஒரே வேர், ஒரே சிலைடு, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி.

இதையே கூட்டிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ஃபீல்டோடு நிறுத்தினால் 14.5, இரண்டு சேர்த்தால் 11.3, மூன்று சேர்த்தால் 9.4, பிறகு 9.6, 10.1, 9.4, 9.5, 9.1, 9.3, கடைசியில் 634 செல்லில் 57 பிரிவு, அதாவது 9.0. ஆறாவது ஃபீல்டுக்குப் பிறகு அரைப் புள்ளிக்கு மேல் அசையவில்லை. "பத்து ஃபீல்டு" என்ற வழக்கம் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். இந்த எண்களை வரைந்தால் வரும் கோடு படுத்துவிட்டதைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது என்று தோன்றிவிடுகிறது. கிடைத்தது அந்த ஒரு வேரின் விடை மட்டும்தான்.

இதோ ஆறு வெங்காயம், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வேர், வேருக்குப் பத்து ஃபீல்டு:

| வெங்காயம் | மொத்தச் செல் | பிரியும் செல் | இண்டெக்ஸ் % |
|---|---|---|---|
| 1 | 634 | 57 | 9.0 |
| 2 | 588 | 37 | 6.3 |
| 3 | 611 | 67 | 11.0 |
| 4 | 570 | 42 | 7.4 |
| 5 | 642 | 65 | 10.1 |
| 6 | 605 | 39 | 6.4 |

இரண்டாவது வெங்காயத்தை மட்டும் எண்ணியவர் 6.3 என்று எழுதுவார், மூன்றாவதை மட்டும் எண்ணியவர் 11.0 என்று எழுதுவார். இருவரும் அறுநூறு செல் எண்ணியிருக்கிறார்கள், இருவரின் கோடும் ஆறாவது ஃபீல்டிலேயே படுத்திருக்கும், இருவருக்கும் தங்கள் விடைமேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, ஏனென்றால் ஒவ்வொரு வேரும் தனிப் பானை. ஒரே பானையில் இன்னும் நாற்பது பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பதால் அடுத்த பானை வெந்ததா என்று தெரியாது.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மொத்தமாகக் கூட்டினால் 3650 செல்லில் 307 பிரிவு, 8.4 சதவீதம். எல்லாச் செல்லையும் ஒரே கூடையில் போட்டு, ஒவ்வொன்றும் தனித்தனிச் சாட்சி என்று வைத்துக்கொண்டு வழக்கமான விகிதச் சூத்திரத்தில் பிழையைக் கணக்கிட்டால் 95 சதவீத எல்லை கூட்டல் கழித்தல் 0.9 வருகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே வேரில் இருக்கும் அறுநூறு செல்லும் ஒரே தண்ணீரில், ஒரே நீள வேரில், ஒரே எட்டு நிமிட அமிலத்தில் இருந்தவை, அவை அறுநூறு தனிச் சாட்சிகள் கிடையாது. உண்மையில் நம்மிடம் இருப்பது ஆறு எண்கள்தான். அந்த ஆறின் சராசரி 8.4, திட்ட விலக்கம் 1.96. அதை ஆறின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.8. ஆறு எண்ணுக்குரிய டி மதிப்பு 2.57-ஆல் பெருக்கினால் கூட்டல் கழித்தல் 2.1. முன்னால் வந்த 0.9-க்கு இரண்டு மடங்குக்கு மேல். எக்செல்லில் வெங்காயத்துக்கு ஒரு வரியாகப் போட்டு இண்டெக்ஸ் D பத்தியில் இருந்தால் இப்படி:

```
=AVERAGE(D2:D7)
=STDEV.S(D2:D7)/SQRT(COUNT(D2:D7))
=T.INV.2T(0.05,COUNT(D2:D7)-1)*STDEV.S(D2:D7)/SQRT(COUNT(D2:D7))
```

மூன்றாவது வரி தருவதுதான் அந்த 2.1.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். இந்த விலக்கத்தில் எவ்வளவு எண்ணியதால் வந்தது, எவ்வளவு வெங்காயத்துக்கு வெங்காயம் உண்மையிலேயே வேறுபடுவதால் வந்தது? அறுநூறு செல் எண்ணும்போது எண்ணும் தற்செயலால் மட்டும் வரக்கூடிய விலக்கம் சுமார் 1.1 புள்ளி. அதன் வர்க்கத்தை 1.96-இன் வர்க்கத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது வெங்காயத்தின் பங்கு, விலக்கமாகச் சொன்னால் 1.6. இந்த 1.6-ஐ எத்தனை ஃபீல்டு எண்ணினாலும் குறைக்க முடியாது. ஃபீல்டுகளைக் கூட்டுவது அந்த 1.1-ஐ மட்டும்தான் தேய்க்கும்.

உழைப்பை எங்கே போடலாம் என்று இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே ஆறு வெங்காயத்தில் பத்துக்குப் பதில் இருபது ஃபீல்டு, அதாவது எண்ணும் வேலையை இரட்டிப்பாக்கினால், எல்லை 2.1-லிருந்து 1.9 ஆகிறது. கண்ணெரிச்சல்தான் மிச்சம். அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு வெங்காயம் எடுத்து வேருக்கு ஐந்து ஃபீல்டு மட்டும் எண்ணினால், முன்பு எண்ணிய அதே அறுபது ஃபீல்டுதான், எல்லை 1.4 ஆகிறது. பன்னிரண்டு வெங்காயத்திலும் பத்து ஃபீல்டு என்றால் 1.25. ஐந்திலிருந்து பத்துக்குப் போவதன் லாபம் அவ்வளவுதான்.

ஆகவே என் லேபில் இனி வேருக்கு ஐந்து ஃபீல்டு அல்லது முந்நூறு செல், இரண்டில் எது பிந்தி வருகிறதோ அது, வெங்காயம் குறைந்தது பத்து. கூடுதலாகச் சிலைடு போட வேண்டியிருக்குமே என்றால், ஆமாம், அதில் ஒரு சிலைடுக்குக் கால் மணி நேரம் போகிறது. அதனால் ஃபீல்டை ஐந்துக்கும் கீழே இறக்கி வெங்காயத்தை முப்பதாக்குவது லாபமில்லை, சிலைடு போடும் நேரம் எண்ணும் நேரத்தைத் தின்றுவிடும். இந்த ஐந்து என் வெங்காயத்துக்கும் என் கைக்கும் வந்த எண், உங்கள் வெங்காயங்கள் ஒன்றுக்கொன்று குறைவாக வேறுபட்டால் உங்களுக்கு ஏழோ எட்டோ சரியாக இருக்கலாம். ஆறு வெங்காயத்தை முன்னோட்டமாக எண்ணி மேலே உள்ள கழித்தலைச் செய்தால் தெரிந்துவிடும்.

ஒரே வெங்காயத்திலிருந்து மூன்று வேர் எடுத்தால் மூன்று என்று கணக்கிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. உடன்பிறப்பு வேர்கள் ஒன்றுபோல் நடக்கும். மூன்றையும் எண்ணலாம், சராசரியெடுத்து அந்த வெங்காயத்துக்கு ஒரே எண்ணாக எழுதலாம். வெங்காயங்களுக்கு நடுவில் சராசரி எடுக்கும்போதும் செல்களை மொத்தமாகக் கூட்டாமல், ஒவ்வொரு வெங்காயத்தின் இண்டெக்ஸையும் சம எடையில் எடுக்க வேண்டும். என் அட்டவணையில் செல் எண்ணிக்கை எல்லாம் அறுநூறுக்குப் பக்கத்தில் இருந்ததால் இரண்டு வழியிலும் 8.4 வந்தது. ஒரு சிலைடில் ஆயிரத்து இருநூறும் இன்னொன்றில் இருநூறும் இருந்தால் கொழுத்த சிலைடு மற்றதை விழுங்கிவிடும்.

புரோஃபேஸ் சண்டைக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அதன் அளவைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். முதல் வேரின் 57 பிரிவில் 31 புரோஃபேஸ், 9 மெட்டாஃபேஸ், 6 அனாஃபேஸ், 11 டீலோஃபேஸ். அதே ஃபீல்டுகளை லேபில் உடன் வேலை செய்யும் நண்பர் என் எண்ணைப் பார்க்காமல் எண்ணினார். மெட்டாஃபேஸும் அனாஃபேஸும் டீலோஃபேஸும் அப்படியே ஒத்துப்போயின, புரோஃபேஸ் மட்டும் அவருக்கு 22. அவர் நூல் தடித்துத் தெளிவானால்தான் புரோஃபேஸ் என்பவர். அவர் கணக்கில் அந்த வேர் 7.6 சதவீதம், என் கணக்கில் 9.0. ஒரு வேரை இருபது ஃபீல்டு எண்ணிச் சம்பாதிக்கும் துல்லியத்தை விட இந்த ஒரு கோட்டின் இடம் பெரிது. யார் சரி என்பதல்ல விஷயம், ஒரு சோதனை முழுக்க ஒருவரே எண்ண வேண்டும், அல்லது இருவரும் உட்கார்ந்து இருபது முப்பது சந்தேக உட்கருவை வைத்துக் கோட்டைப் பேசி முடித்துவிட்டுத் தொடங்க வேண்டும். புரோஃபேஸை விட்டுவிட்டு மற்ற மூன்று கட்டங்களை மட்டும் வைத்த இண்டெக்ஸையும் பக்கத்தில் எழுதுவது நல்ல பழக்கம், இந்த வேருக்கு அது 4.1. வேறொருவர் தன் எண்ணோடு ஒப்பிட வந்தால் அதில் தகராறு வராது.

எழுதும் விதம் இப்படி இருக்கலாம்: "மைட்டாடிக் இண்டெக்ஸ் 8.4% (95% எல்லை 6.3 முதல் 10.4 வரை), சின்ன வெங்காயம் 6, வெங்காயத்துக்கு ஒரு வேர், வேருக்கு 10 ஃபீல்டு, விட்டம் 0.45 மி.மீ., மொத்தம் 3650 செல், நூல் தெரிந்த உட்கரு மட்டும் புரோஃபேஸ், எண்ணியவர் ஒருவர்." ஒரு தசம இடத்துக்கு மேல் வேண்டாம், எல்லை இரண்டு புள்ளி அகலத்தில் நிற்கும்போது இரண்டாவது தசமத்தில் என்ன இருக்கிறது.

குரோமோசோம் எண்ணுவதற்காகக் கொல்கிசினிலோ 8-ஹைட்ராக்சிகுயினோலினிலோ ஊறவைத்துப் போட்ட சிலைடுகள் லேபில் கிடக்கும், மெட்டாஃபேஸ் அள்ளிக் கொட்டும், அவற்றில் மட்டும் இண்டெக்ஸ் எண்ணக் கூடாது. கொல்கிசின் ஸ்பிண்டில் இழைகள் உருவாவதைத் தடுக்கிறது. பிரிவுக்குள் வந்த செல் மெட்டாஃபேஸைத் தாண்ட முடியாமல் தேங்கி நிற்கிறது. வெங்காய வேரில் ஆல்பர்ட் லெவான் 1938-லேயே இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். தேங்கியதால் இண்டெக்ஸ் ஏறுகிறது, பிரிவு கூடியதால் இல்லை. ஏதாவது சாறையோ கழிவுநீரையோ ஊற்றிச் சோதிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: இண்டெக்ஸ் ஏறி, மெட்டாஃபேஸ் பங்கும் ஏறி, வேரின் நீளம் மட்டும் வளராமல் இருந்தால் அது வளர்ச்சி அல்ல, அடைப்பு. அதனால்தான் நான்கு கட்டங்களையும் தனித்தனிப் பத்தியில் எண்ணச் சொல்வது. அப்படிப்பட்ட சோதனையில் சிலைடில் "கழிவுநீர்", "வெறும் தண்ணீர்" என்று எழுதாமல் வேறொருவரை விட்டு எண் ஒட்டச் சொல்லுங்கள், எது எது என்று தெரிந்தால் புரோஃபேஸ் கோடு தானாக நகரும்.

கடையில் வாங்கும் நிரந்தர சிலைடு, நீளவாக்கில் சீவியது, அதுவும் ஒரே ஒரு வேர்தான் என்பதால் அதில் நூறு ஃபீல்டு எண்ணினாலும் அந்த வேரைப் பற்றித்தான் பேச முடியும். அதோடு சீவும்போது கத்தி உட்கருவைத் தாண்டிப் போன வெற்றுச் செல்கள் நிறையத் தெரியும், அவற்றை மொத்தத்தில் சேர்க்கக் கூடாது.

இந்த மாதிரி ஒரு சோதனையால் எதைப் பிடிக்க முடியும், எதை முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திட்ட விலக்கம் 1.96 என்று வைத்துக்கொண்டால், இண்டெக்ஸ் 8-லிருந்து 4-க்கு விழுவதைப் பிடிக்கக் கட்டுப்பாட்டுப் பக்கம் ஆறு, மருந்துப் பக்கம் ஆறு வெங்காயம் போதும். 8-லிருந்து 7-க்கு விழுந்ததா என்று கேட்டால் பக்கத்துக்கு அறுபதுக்கு மேல் வேண்டும். மூன்று வெங்காயம், வேருக்கு இரண்டு ஃபீல்டு எண்ணி, "கட்டுப்பாட்டில் 8.2, மருந்தில் 7.1, ஆகவே மருந்து பிரிவைக் குறைக்கிறது" என்று எழுதி வரும் ப்ராஜெக்ட்டுகளை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அறுபது வெங்காயம் வாங்க வேண்டாம், மருந்தின் அளவைக் கூட்டி, வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மறுபடி எண்ணிக்கொண்டு வா என்று.